ஈரக் காத்துல பந்து ஸ்விங் ஆகுமா? லார்ட்ஸ் 2018ஐ வச்சு ஒரு சண்டை

லாங்லெக் பாபு:
லார்ட்ஸ்ல 2018 டெஸ்ட்ல இங்கிலாந்துகிட்ட நாம 107க்கு சுருண்டதுக்கு காரணம் பேட்ஸ்மேன் இல்ல, வானம். மேகம் போட்டா ஈரக் காத்து கனமாயிடும், கனமான காத்துல பந்து பிடிச்சு வளையும். கிரிக்கெட் பாக்கற சின்னப் பையனுக்கும் இது தெரியும்.

காத்தாடி:
அந்த சின்னப் பையனை எங்கிட்ட அனுப்புங்க பாபு, தலைகீழா சொல்லிக் குடுத்திருக்கீங்க. நீராவியோட மூலக்கூறு எடை 18. காத்துல இருக்கற நைட்ரஜன், ஆக்சிஜன் எல்லாம் சேர்த்து சராசரி 29. ஒரே அழுத்தம் ஒரே வெப்பம்னா ஒரு பெட்டிக்குள்ள மொத்தம் எத்தனை மூலக்கூறு இருக்கும்ங்கறது மாறாது, அதனால நீராவி உள்ள வந்தா கனமான ஆசாமி வெளிய போறான். ஈரக் காத்து லேசு. கனம் இல்ல, லேசு. இதுக்கு மேல எப்படி சொல்றதுன்னு தெரியல.

லாங்லெக் பாபு:
மழைக்கு முன்னாடி வெளிய நின்னு பாருங்க சார், காத்து எவ்ளோ பாரமா இருக்கும்னு உடம்புக்கே தெரியும்.

காத்தாடி:
அது வேர்வை காயாததால வர்ற புழுக்கம், தராசு இல்ல.

பழைய பந்து:
நான் சென்னை லீக்ல டிவிஷன் மேட்ச் ஆடினவன், புது பந்து போட்டவன், அதனால கேக்கறேன். கனமோ லேசோ எனக்கு அது வேண்டாம். காலைல மூடாக்கு இருந்தா பந்து பேசும், பத்து மணிக்கு வெயில் ஏறினா ஊமையாயிடும், அதே பந்து அதே கை. லார்ட்ஸ் மேட்சையே எடுத்துக்கங்க. முதல் நாள் முழுக்க மழை, ரெண்டாம் நாள் மூடாக்குல டாஸ் ஜெயிச்சு ரூட் பந்து போட்டான். ஆண்டர்சன் முதல் ஓவர்லயே நம்ம ஊர் முரளி விஜய்க்கு லெக் பக்கம் போற மாதிரி காட்டி ஆஃப் ஸ்டம்பை எடுத்தான், 5 விக்கெட் 20 ரன். மறுநாள் வெயில் வந்துச்சு, அதே பிட்ச்ல வோக்ஸ் சதம் அடிச்சான், கடைசில 137 நாட் அவுட். புத்தகம் படிச்சவங்க இதுக்கு பதில் சொல்லுங்க.

காத்தாடி:
அண்ணே, மூடாக்குல ஸ்விங் ஆகலன்னு நான் எங்க சொன்னேன்? ஈரத்தால ஆகலன்னு சொல்றேன், ரெண்டும் வேற. கணக்கு போட்டே காட்றேன். லண்டன்ல மூடாக்கு நாள் 18 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம்னு வச்சுக்கங்க. ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 13 கிராம் நீராவி. சென்னைல 32 டிகிரி, 70 சதவீதம்னா சுமார் 23 கிராம். அதாவது உங்க சேப்பாக்கம் காத்துல லார்ட்ஸை விட முக்கால் மடங்கு தண்ணி ஜாஸ்தி. டிவில காட்டற சதவீதத்தை பாத்துட்டு இங்கிலாந்துதான் ஈரம்னு நினைச்சுக்கறாங்க, குளிர்ந்த காத்து கொஞ்சம் நீராவிலயே ரொம்பிடும்ங்கறதுதான் விஷயம். ஈரம்தான் வளைக்குதுன்னா ஆண்டர்சன் மே மாசம் சேப்பாக்கத்துக்கு ஓடி வந்திருக்கணும்.

யாழ் கவர்பாயிண்ட்:
காத்தாடி அண்ணை, எங்கட கொழும்பையும் ஒருக்கா பாருங்கோ. அங்க எந்த நாளும் புழுக்கம்தான். 2001ல எஸ்எஸ்சி மைதானத்தில வாஸ் சிம்பாப்வேக்கு 8 விக்கெட் எடுத்தவர், 19 ரன் குடுத்து, அவங்கள் 38க்கு முடிஞ்சவங்கள். ஈரத்துக்கும் ஸ்விங்குக்கும் தொடர்பில்லை எண்டு அவ்வளவு லேசா சொல்லேலாது.

காத்தாடி:
ஒரு நாள் வாஸ் எடுத்தா ஈரமா? அதே மைதானத்துல அதே புழுக்கத்துல எத்தனை டெஸ்ட்ல 500 அடிச்சிருக்காங்கன்னு எண்ணுங்க, மஹேல 374 அடிச்சது எந்த கிரவுண்டுன்னு நான் சொல்ல வேண்டாம். தையல் நேரா நிக்கற மாதிரி மணிக்கட்டு உள்ளவன் கைல புது பந்து எந்த ஊர்லயும் கொஞ்ச ஓவர் வளையும்.

யாழ் கவர்பாயிண்ட்:
வாஸைப் பற்றி கதைக்க மஹேலவை இழுக்கிறியள். நல்ல வாதம்.

டேப் பால் தளபதி:
எங்க ஆபீஸ் டோர்னமெண்ட்ல டென்னிஸ் பால்ல ஒரு பக்கம் டேப் ஒட்டி போட்டா பீச் காத்துல வாழைப்பழம் மாதிரி வளையுது, ஈரம் இல்லாம இது எப்படி?

காத்தாடி:
டேப் ஒட்டினதால. அடுத்தது.

டேப் பால் தளபதி:
நைட்ல பனி விழுந்தா டேப் நனைஞ்சு வளைய மாட்டேங்குதே, அப்ப ஈரத்துக்கு பவர் இருக்குல்ல?

பழைய பந்து:
தம்பி இது லெதர் பால் பஞ்சாயத்து, கொஞ்சம் ஓரமா நில்லுங்க. காத்தாடி சார், தையல் விஷயத்துக்கு வாங்க. ஈரத்துல நூல் ஊறி தையல் எழும்பும், எழும்பின தையல் காத்தை கிழிக்கும். எங்க கோச் சொன்னது, பந்தை விரலால தடவிப் பாத்து நானே உணர்ந்தது.

காத்தாடி:
கோச்சுக்கு வணக்கம். ஆனா 2012ல டேவிட் ஜேம்ஸ், டேனியல் மெக்டொனால்ட், ஜான் ஹார்ட்னு மூணு பேர், ஷெஃபீல்டு ஹாலமும் ஆக்லாந்தும் சேர்ந்து, பந்துகளை ஈரப்பதம் மாத்தற அறைக்குள்ள வச்சு லேசர்ல ஸ்கேன் பண்ணாங்க. பந்தோட வடிவத்துல சொல்லிக்கற மாதிரி மாற்றமே இல்ல. உங்க விரலை விட லேசர் நுணுக்கம்னு ஒத்துக்குவீங்கன்னு நம்பறேன்.

இப்ப வளைவுக்கு வருவோம். தையலை ஸ்லிப் பக்கம் ஒரு 20 டிகிரி சாச்சு விடறீங்க. ஒரு பக்கம் காத்து தையல்ல தடுக்கி கலங்கிடுது, கலங்கின காத்து பந்தை விட்டு லேட்டா பிரியும். பளபளப்பான அந்தப் பக்கம் காத்து கலங்காம வழுக்கிட்டு சீக்கிரமே பிரிஞ்சுடும். இந்த வித்தியாசம்தான் பந்தை பக்கவாட்டுல தள்ளுது. நல்லா போட்டா அந்த தள்ளு பந்தோட எடைல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வரும், பேட்ஸ்மேன்கிட்ட வர்றதுக்குள்ள ஒரு 30 சென்டிமீட்டர். பேட்டோட அகலமே 10.8தான். இப்ப ஈரம் காத்தோட அடர்த்தியை எவ்ளோ மாத்தும்? ஒரு சதவீதம். 30 சென்டிமீட்டர்ல ஒரு சதவீதம் மூணு மில்லிமீட்டர், அதுவும் கம்மியாகற பக்கம். விஜய் மூணு மில்லிமீட்டர்ல ஸ்டம்பை விட்டாரா?

நைட் வாட்ச்மேன்:
கணக்கு சரி, ஆனா ஒண்ணை விட்டுட்டீங்க. 18 டிகிரி காத்து 32 டிகிரி காத்தை விட அஞ்சு சதவீதம் அடர்த்தி. அப்ப பாபு சொன்னது காரணம் தப்பு, ஆனா லண்டன் காத்து நிஜமாவே கனம்தான்.

லாங்லெக் பாபு:
கேட்டீங்களா? கனம்! நான் முதல்லயே சொன்னேன்.

காத்தாடி:
குளிரால கனம், ஈரத்தால இல்ல!! அஞ்சு சதவீதம்னாலும் ஒன்றரை சென்டிமீட்டர்தான். லண்டன்ல மூடாக்கு நாளும் வெயில் நாளும் அஞ்சாறு டிகிரிதானே வித்தியாசம், அப்ப அஞ்சு மில்லிமீட்டர் ஆறு மில்லிமீட்டர். ஈரக் காத்து லேசு, நாலாவது தடவை சொல்றேன்.

பழைய பந்து:
லேசு லேசுன்னு கத்தறீங்களே, அப்ப மூடாக்குல என்னதான் நடக்குதுன்னு சொல்லுங்க. அதைக் கேட்டா ஓடறீங்க.

காத்தாடி:
ஓடல. அந்த மூணு பேரே ஒரு யோசனை சொன்னாங்க. வெயில் அடிச்சா தரை சூடாகுது, சூடான காத்து குமிழி குமிழியா மேல கிளம்புது, மைதானத்து காத்தே கலங்கிடுது. அந்தக் கலக்கம் பளபளப்பு பக்கத்துலயும் காத்தை கலக்கிவிட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும், வளைவு போச்சு. மேகம் மறைச்சா தரை சூடாகாது, காத்து அசையாம நிக்கும். அதனால வானத்தைப் பாருங்க, ஈரப்பத மீட்டரைப் பாக்காதீங்க.

நைட் வாட்ச்மேன்:
இது யோசனைன்னு நீங்களே சொல்லிட்டீங்க, நிரூபணம் இல்ல. எனக்கு இதுலயும் சந்தேகம் இருக்கு. தரைல இருந்து கிளம்பற காத்துக் குமிழி மீட்டர் கணக்குல பெருசு, பந்து ஏழு சென்டிமீட்டர், பந்தை ஒட்டி ஓடற காத்துப் படலம் மில்லிமீட்டர்ல இருக்கு. அவ்ளோ பெரிய சுழி பந்துக்கு சாதாரண காத்து மாதிரிதான் தெரியும், படலத்தை கலக்கணும்னா அதுக்கேத்த குட்டிச் சுழி வேணும். இன்னொண்ணு, மேகம் போட்டு கூடவே காத்து வேகமா அடிக்கற நாள் இங்கிலாந்துல நிறைய. அன்னைக்கு காத்து அமைதியா இல்லயே, அப்பவும் ஸ்விங் ஆகுதுன்னுதானே சொல்றாங்க?

காத்தாடி:
பெரிய சுழி உடைஞ்சுதான் சின்னச் சுழி ஆகும், எல்லா அளவும் அங்க இருக்கும்.

நைட் வாட்ச்மேன்:
இருக்கும், ஆனா போதுமான பலத்தோட இருக்கா? மைதானத்துல யாராவது அளந்து காட்டினாங்களா? விண்ட் டன்னல்ல கலக்கம் கூட்டினா வளைவு குறையுதுங்கறது வேற விஷயம்.

காத்தாடி:
நீங்க என் பக்கமா அவங்க பக்கமா?

பழைய பந்து:
அவர் நியாயத்தோட பக்கம். எனக்கு இப்ப புரிஞ்சது, உங்களுக்கும் தெரியல. களத்துல நின்னவனை மட்டம் தட்டறதுக்கு மட்டும் லேசர் வருது.

காத்தாடி:
களத்துல நின்னவருக்கு ஒரு கேள்வி. லீக்ல காலைல வளைஞ்சது, வெயில்ல நின்னது. வெயில் ஏறினப்ப பந்து எத்தனை ஓவர் பழசு? லார்ட்ஸ்லயும் அதேதான், ஆண்டர்சன் கைல இருந்தது புத்தம் புது டியூக்ஸ், தையல் உப்பலா கையால தச்சது, மேல அரக்கு மாதிரி பளபளப்பு. வோக்ஸ் செட் ஆனப்ப நம்மாளுங்க கைல இருந்தது அடி வாங்கின பந்து, அதுலயும் மூடாக்கு ஊர்ல ரெண்டு ஸ்பின்னர். மேகத்தை மட்டும் தனியா மாத்தி நீங்க எப்ப பாத்தீங்க? இன்னொண்ணு, மூடாக்குன்னா பவுலர் தைரியமா முன்னாடி பிட்ச் பண்றான், ஃபுல்லா போட்டா வளைய நேரம் ஜாஸ்தி. நேரம் பாதின்னா வளைவு கால்வாசிதான் கணக்கு. நம்பிக்கையே பாதி வேலை பாத்துடும்.

பழைய பந்து:
அப்ப நாலாம் நாள் மறுபடி 130க்கு போனோமே, அதுவும் நம்பிக்கையா? ஆண்டர்சன் 4 விக்கெட் 23 ரன்.

காத்தாடி:
மறுபடி புது பந்துண்ணே.

யாழ் கவர்பாயிண்ட்:
புதுப் பந்து எண்டால் ஏன் சேப்பாக்கத்தில வளையேல்ல? 2021 பெப்ரவரியில அங்க ஆண்டர்சன் ஒரே ஓவரில கில்லையும் ரஹானேயையும் போல்ட் எடுத்தது பழைய பந்தில.

காத்தாடி:
அது ரிவர்ஸ்! சொரசொரப்பான பந்து, வறண்ட பிட்ச், முழுக்க வேற கதை. இதையும் அதையும் கலக்காதீங்க.

டேப் பால் தளபதி:
அப்ப டேப்பை எந்தப் பக்கம் ஒட்டினா ரிவர்ஸ் ஆகும்?

லாங்லெக் பாபு:
எல்லாரும் சுத்தி வளைச்சு நான் சொன்னதுக்கே வந்துட்டீங்க, நைட் வாட்ச்மேனே கனம்னு சொல்லிட்டார்.

காத்தாடி:
பாபு, ஈரக் காத்து லேசு. அஞ்சாவது.

பழைய பந்து:
ரெண்டு ஸ்பின்னர்னு போற போக்குல சொன்னீங்களே, குல்தீப்பை எடுத்தது பிட்ச் ரிப்போர்ட் பாத்துதான், மழை வந்ததுக்கு செலக்ஷன் என்ன பண்ணும்?

லாங்லெக் பாபு:
மழை ரிப்போர்ட்டையும் பாத்திருக்கலாம்ல அண்ணே, 11 பேரை ரெண்டாம் நாள் காலைலதான குடுத்தாங்க. வேகப்பந்து போடற உமேஷை உக்கார வச்சது தப்புதான், அதுல எனக்கும் காத்தாடிக்கும் சண்டையே இல்ல.

காத்தாடி:
உமேஷா? நான் எப்ப உமேஷ்னு சொன்னேன்?