பாடப்பிரிவு தேர்வு பற்றிய வகுப்பு: எழுதும் பயிற்சிக்கு யோசனை வேண்டும்

வணக்கம். உயர்நிலைக் கடைசி வகுப்பு மாணவர்களுக்குப் பாடப்பிரிவு தேர்வு பற்றி 45 நிமிட வகுப்பு ஒன்று தயாரிக்கிறேன். முதல் 15 நிமிடம் எந்த மேற்படிப்புக்கு எந்தப் பாடம் கட்டாயம் என்ற விவரம். அடுத்த 15 நிமிடம் தனியாக எழுதுவது. மீதி நேரம் இருவர் இருவராகப் பேசுவது.

எழுதும் பகுதியில்தான் உதவி தேவை. ‘பிடித்த பாடம் எது?’ என்று கேட்டால், மதிப்பெண் அதிகம் வந்த பாடத்தையோ, பிடித்த ஆசிரியர் எடுக்கும் பாடத்தையோதான் எழுதுகிறார்கள். அதனால் இப்படிக் கேட்டுப் பார்த்தேன்: ‘யாரும் சொல்லாமலே முதலில் எடுத்துச் செய்யும் வீட்டுப்பாடம் எது? அதில் எந்தப் பகுதி?’

ஒரு மாணவி உயிரியல் என்று எழுதினாள். எந்தப் பகுதி என்றால், இதயத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பது. ரத்த ஓட்டத்தை விளக்கும் கேள்விகளை எப்போதும் கடைசிக்குத் தள்ளிவிடுவாளாம். பிடித்தது உயிரியலா, வரைவதா என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வேண்டியது இந்த யோசனைதான்.

சிக்கல் அடுத்த கேள்வியில். ‘இந்தப் பிரிவை எடுத்தால் பிறகு எந்தப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்க முடியாது?’ என்றதும் பலர் பயந்து, எல்லாவற்றுக்கும் வழிவிடும் பிரிவுக்கே தாவிவிடுகிறார்கள். கணிதம் துளியும் பிடிக்காதவர்கள்கூட! இந்தக் கேள்வியைக் கைவிடவும் மனமில்லை, தெரியாமல் ஒரு பிரிவை எடுத்துவிட்டால் பிறகு மாறுவது கஷ்டம்.

இந்தக் கேள்வியை எந்த இடத்தில் வைக்கலாம்? ஜோடியாகப் பேசிய பிறகா? அப்புறம், நெருங்கிய நண்பர்களை ஒரே ஜோடியாக விடலாமா, பிரிக்கலாமா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.