‘மீன் டர்ன்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (கயிற்றுச் சுருளின் நீளம்)

செல்வி:
வணக்கம். மீன்பிடித் துறைமுகக் கிடங்கு ஒன்றுக்குக் கையேடு எழுதுகிறேன். பாய்போலத் தட்டையாகச் சுருட்டிய கயிற்றைப் படமெடுத்து, சுற்றுகளை எண்ணி, விட்டங்களை அளந்து நீளம் கணிப்பதைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. எல்லாச் சுற்றுகளுக்கும் சராசரியான ஒரு சுற்றை மூலநூலில் ‘மீன் டர்ன்’ என்கிறார்கள். கிடங்கில் அதை அப்படியே எழுதினால் மீன் என்றுதான் படிப்பார்கள். படத்தையும் இணைத்திருக்கிறேன், பக்கத்தில் மீட்டர் கோல் கிடக்கிறது.

முருகேசன்:
சுற்றளவு என்ற சொல் இருக்கிறதே. விட்டத்தை 3.14ஆல் பெருக்கி, சுற்று எண்ணிக்கையாலும் பெருக்கினால் ஆயிற்று. புதுச்சொல் எதற்கு?

இராமநாதன்:
எந்த விட்டத்தை என்பதுதான் கேள்வி, முருகேசன். செல்வியின் படத்தில் வெளிவிட்டம் 90 செ.மீ., நடுத்துளை 10 செ.மீ., சுற்றுகள் 20. வெளிவிட்டத்தை வைத்தால் 56 மீட்டருக்கு மேல் போகிறது. இரண்டுக்கும் சராசரி 50 செ.மீ.; ஒரு சுற்று 1.57 மீட்டர், மொத்தம் 31.4 மீட்டர். இல்லாத 25 மீட்டரை நம்பி ஒருவர் நங்கூரம் போட்டுவிடக் கூடாது.

எண்ணியது சரியா என்றும் பார்க்கலாம். துளையின் ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை 40 செ.மீ.; 20ஆல் வகுத்தால் 2 செ.மீ. கயிற்றின் தடிமனும் அதுவே. பாதிதான் வந்தால், துளைக்கு இருபுறமும் எண்ணிவிட்டீர்கள் என்று பொருள். படம் சாய்ந்திருந்தால் வட்டம் முட்டைபோலத் தெரியும். அப்போது நீண்ட பக்கமாகவே அளக்க வேண்டும், கோலும் அந்தப் பக்கமாகவே கிடக்க வேண்டும்.

என் பரிந்துரை: நடுச்சுற்று.

ஜோசப்:
நாங்க கை விரிச்சு பாகம் கணக்குலதான் வடத்தை அளப்போம். கடையில வாங்குற புதுக்கட்டு அடுக்கடுக்கா இருக்குமே, அதை மேலேருந்து படம் எடுத்தா போதுமா?

இராமநாதன்:
போதாது, ஜோசப். மேலடுக்கு மட்டும்தான் தெரியும். பக்கவாட்டிலும் ஒரு படம் வேண்டும். அப்போதும் உள்ளே எத்தனை சுற்று இருக்கிறது என்பது ஊகம்தான்.

கலா:
மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாங்கள் ‘ஆவரேஜ் சுத்து’ என்போம். ‘நடுச்சுற்று’ என்றால் இருபதில் பத்தாவது சுற்று என்று எடுத்துக்கொள்வார்களே?

இராமநாதன்:
நெருக்கமாகச் சுற்றியிருந்தால் அப்படி எடுத்தாலும் தவறில்லை. பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில்தான் சராசரி விழுகிறது. வெளிச்சுற்றுகள் மட்டும் இடைவெளி விட்டுக் கிடந்தால், நீங்கள் சொல்லும் குழப்பம் வரும். அப்படிக் கிடந்தால் இரண்டு விட்டங்களின் சராசரியும் கூடுதலாகவே காட்டும். சுற்றுச் சுற்றாக அளப்பதே வழி.

கலா:
அப்படியானால் ‘சராசரிச் சுற்று’ என்றே வைக்கலாமே, அண்ணா. நீளமான சொல்தான், ஆனால் யாரும் பத்தாவதைத் தேட மாட்டார்கள்.

செல்வி:
இரண்டையும் கிடங்கில் சொல்லிப் பார்க்கிறேன். ஜோசப் அண்ணா, அடுக்குக் கட்டைப் படத்தில் கணிக்க வேண்டாம், பாகம் போட்டே அளக்கட்டும் என்று எழுதிவிடுகிறேன்.