மேனேஜரை சிசியில் போட்டு வந்த மெயில்

ஆடுதுறைக்காரன்

எனக்கு வேலை ஒரு தனியார் விதைக் கம்பெனியின் லேபில். மே கடைசியில் குருவைக்காக ஏடிடி 36 லாட் ஒன்றை முளைப்புத்திறன் சோதனைக்கு வைத்திருந்தேன். நெல்லுக்கு முதல் எண்ணிக்கை 5ஆம் நாள், இறுதி எண்ணிக்கை 14ஆம் நாள். குறைந்தது 80 சதவீதம் முளைத்தால்தான் லாட்டை வெளியே விடுவோம்.

20ஆம் தேதி வைத்தது. 26ஆம் தேதி காலை சேல்ஸ் நண்பரிடமிருந்து மெயில்: "பலமுறை கேட்டும் லேபிலிருந்து பதில் இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் டீலர்களுக்கு யார் பதில் சொல்வது?" சிசியில் என் மேனேஜரும் அவருடைய மேனேஜரும். அவர் போனில் கேட்டது இரண்டே முறை, இரண்டு முறையும் தேதி சொல்லியிருக்கிறேன்.

கை துறுதுறுத்தது. போன் செய்த நாள், நேரம் எல்லாம் போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதிவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.

மன்னார்குடி மாமா

தம்பி, முதல் வேலையாக மேனேஜர்களை சிசியிலிருந்து எடுத்துவிட்டு அவனுக்கு மட்டும் பதில் போடு. தப்பாக ஏதாவது போய்விட்டாலும் அவுட்லுக்கில் ரீகால் இருக்கிறது, திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கும்பகோணம் அக்கா

மாமா, ரீகாலை நம்ப முடியாது. ஒரே கம்பெனி மெயிலுக்குள்தான் அது வேலை செய்யும், அதற்குள் எதிராளி படித்துவிட்டிருப்பார். ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 நொடி கிடைக்கும், அவ்வளவுதான்.

சிசியை உடனே எடுப்பதும் சரிவராது. "பதில் இல்லை" என்பதை மேனேஜர் படித்துவிட்டார். நீ தனியாகப் பதில் போட்டால் அவர் கண்ணில் அந்தப் புகார் மட்டும்தான் மிஞ்சும். அதனால் இந்த ஒரு மெயிலுக்கு எல்லோருக்கும் பதில் போடு. போன் கணக்கு வேண்டாம். "நான் ஏற்கெனவே சொன்னபடி" என்ற வரியும் வேண்டாம், சண்டை அங்கேதான் மூளும். லாட் எந்த நிலையில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடியும், அதுவரை உன்னால் என்ன கொடுக்க முடியும், அவரிடமிருந்து உனக்கு என்ன வேண்டும், இந்த நான்கும் போதும். அனுப்பிய கையோடு அவருக்கு ஒரு போன் போடு.

அதற்கு அடுத்த மெயிலில் மேனேஜர்களை பிசிசிக்கு மாற்றி, "அளவு விவரம் மட்டும் என்பதால் இருவரையும் பிசிசிக்கு மாற்றியிருக்கிறேன்" என்று முதல் வரியிலேயே சொல்லிவிடு. அதன்பின் மற்றவர்கள் போடும் பதில் அவர்களுக்குப் போகாது. சொல்லாமல் மட்டும் பிசிசி போடாதே. எங்கள் ஆபீஸில் ஒருவர் அப்படிப் போட்டார். பிசிசியில் இருந்தவர் தெரியாமல் ரிப்ளை ஆல் அழுத்த, ஒளிந்து பார்த்தது எல்லோருக்கும் தெரிந்துபோனது.

நாகை ஸ்டோர்ஸ்

நான் டிராக்டர் ஸ்பேர்ஸ் பர்ச்சேஸில் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், சிசி போடுகிற ஆள் நான்தான். அறுவடை நேரத்தில் பெல்ட் கேட்டு நான்கு நாள் பதில் வராது, மேனேஜரைச் சேர்த்தால் பத்து நிமிஷத்தில் வரும். அப்புறம் நான் என்ன செய்ய? உங்கள் சேல்ஸ்காரர் கழுத்திலும் டீலர் உட்கார்ந்திருப்பார்.

கும்பகோணம் அக்கா

அதுவும் நியாயம்தான். ஆனால் நான்கு நாள் பதிலே வராததும், தேதி சொன்ன பிறகு சிசி போடுவதும் ஒன்றா?

ஆடுதுறைக்காரன்

அக்கா சொன்னபடி அரை மணி நேரம் கழித்து அனுப்பினேன். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்:

"வணக்கம் சார். இந்த லாட்டின் 5ஆம் நாள் எண்ணிக்கை 61 சதவீதம். இறுதி எண்ணிக்கை ஜூன் 3, அன்று மாலை 4 மணிக்குள் முடிவை அனுப்புகிறேன். 80க்குக் குறைந்தால் விட முடியாது. ஏற்கெனவே தேறிய லாட்டில் 4 டன் கைவசம் இருக்கிறது. எந்த டீலருக்கு முதலில் வேண்டும் என்று இன்று மாலைக்குள் சொன்னால் நாளைக் காலை வண்டி ஏற்றலாம்."

போனில் பேசியபோதுதான் தெரிந்தது, அந்த 4 டன் இருப்பதே அவருக்குத் தெரியாது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து டீலர் ஒருவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டிருக்கிறார், அந்தப் பயத்தில் தட்டிய மெயில். டீலர் பட்டியல் மாலை ஐந்தரைக்கு வந்தது. பதிலில் மேனேஜர்களை பிசிசிக்கு மாற்றினேன். ஜூன் 3ஆம் தேதி 84 வந்தது, லாட்டை விட்டோம்.

மன்னார்குடி மாமா

எல்லாம் சரி, மேனேஜரிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தாயா? சொல்லாவிட்டால் அடுத்த தடவையும் செய்வான்.

ஆடுதுறைக்காரன்

சொல்லவில்லை மாமா. கோள் சொல்வதுபோல் இருந்தது. ஒரு மாதம் சிசி வரவில்லை. இந்த வாரம் சம்பா விதைக்கு மறுபடி இருவரையும் சேர்த்திருக்கிறார். என் மேனேஜர் அதற்கு "நோட்டட்" என்று ஒரே ஒரு சொல் போட்டிருக்கிறார். அது அவருக்கா எனக்கா என்று இன்னும் பிடிபடவில்லை.