FET 10 பாடவேளையோடு நின்றுவிடுகிறது, அவசரம்

நிலா டீச்சர்: அட்டவணை போடும் FET மென்பொருளைக் காலையிலிருந்து ஓட்டுகிறேன். 240-ல் 10 வைத்துவிட்டு அப்படியே நிற்கிறது. எல்லாம் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன். திங்கள் அன்று பள்ளி திறக்கிறது, யாராவது சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி: எத்தனை செக்‌ஷன், நாளுக்கு எத்தனை பீரியட், பகுதிநேர ஆசிரியர் உண்டா, லேப் எத்தனை? இது தெரியாமல் என்ன சொல்வது டீச்சர்.

மணியோசை: ஒருவர் லீவு போட்டால் அந்த நேரம் யாருக்கு ஓய்வு என்று பார்த்து அனுப்புங்கள். நாங்கள் அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.

நிலா டீச்சர்: அது இல்லை சார், ஆண்டு முழுமைக்குமான அட்டவணை. 6 செக்‌ஷன், 5 நாள், நாளுக்கு 8 பீரியட். கணினி சார் மட்டும் பகுதிநேரம்: திங்கள், புதன், வெள்ளி, முதல் 4 பீரியட். ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் கணினி வாரம் 2, வேறு வேறு நாளில், லேபில். லேப் ஒன்றுதான். கணக்கு வாரம் 6, அதுவும் பரவி வரவேண்டும்.

வினோ: கணக்குதான் காரணம். 5 நாளில் 6 பீரியடை எப்படி வேறு வேறு நாளில் வைக்கும்? நாள் இடைவெளி நிபந்தனைக்கு 100 சதவீதம் கொடுத்திருப்பீர்கள். 95 ஆக்குங்கள்.

நிலா டீச்சர்: 95தான் இருக்கிறது, நான் அதைத் தொடவே இல்லை.

பழைய வாத்தியார்: மென்பொருளைத் திறக்கும் முன் ஒரு தாளில் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறேன். 6 செக்‌ஷன், தலா 2, ஆக 12. அவர் வருவது 3 நாள், தலா 4, அதுவும் 12. ஓர் இடம்கூட மிச்சமில்லை. அவரை இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி: ஐயா, இறுக்கமாக இருந்தாலும் 12-க்கு 12 உட்காரும். திங்கள் A, B, C, D. புதன் A, B, E, F. வெள்ளி C, D, E, F. எல்லோருக்கும் இரண்டு நாள் வந்துவிட்டது. ஆகவே காரணம் வேறு. FET கடினமான பாடங்களைத்தான் முதலில் எடுத்து வைக்கும், அதனால் 200-ஐத் தாண்டி நிற்பதும் 10-லேயே நிற்பதும் ஒன்றல்ல. 10-ல் நின்றால் அந்த முதல் சில பாடங்களுக்குள்தான் முடிச்சு இருக்கிறது, கணக்கு வரை அது போகவே இல்லை. டீச்சர், அந்த லேபை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா?

நிலா டீச்சர்: 11-ஆம் வகுப்புக்குப் புதன் 3, 4 பீரியட் லேப். அவர்கள் அட்டவணை தனி என்பதால் சொல்லவில்லை. அந்த நேரம் லேப் கிடையாது என்று FET-ல் போட்டிருக்கிறேன்.

சுண்ணக்கட்டி: அதுதான். சாருக்கு 12 இடம், லேபுக்கு அவர் இருக்கும் நேரத்தில் 10 இடம். ஆசிரியரைத் தனியாக எண்ணினாலும் அறையைத் தனியாக எண்ணினாலும் இது தெரியாது, இரண்டும் சேர்ந்து கிடைக்கும் நேரத்தை எண்ண வேண்டும். ஏதாவது 2 செக்‌ஷனில் தலா ஒரு கணினி பீரியடுக்கு மட்டும் லேப் நிபந்தனையை எடுத்துவிட்டு, அவர்கள் வகுப்பறையையே கொடுங்கள். புதன் 3, 4 என்று கையால் கட்டிப் போட வேண்டாம், FET தானே கொண்டுபோய் அங்கே வைக்கும். அந்த 2 செக்‌ஷனுக்கும் அன்று பாடம் மட்டும் நடக்கும், அரையாண்டுக்குப் பின் வேறு 2 செக்‌ஷனுக்கு மாற்றிவிடலாம்.

வினோ: எப்படியும் கணக்கைக் காலை 4 பீரியடுக்குள் கட்டிவிடுங்கள். மதியத்தில் பிள்ளைகள் தலையில் ஏறாது.

மொழி ஆசிரியை: எல்லா ஆண்டும் இதே பேச்சு. ஒரு செக்‌ஷனுக்குக் காலையில் வாரம் 20 இடம். கணக்கு 6, அறிவியல் 6, கணினி 2 போனால் மிச்சம் 6 இடத்துக்கு மற்ற எல்லாரும் நிற்க வேண்டும். 8-ஆவது பீரியடில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் செய்யுள் நடத்திப் பாருங்கள்.

வினோ: கணக்கும் செய்யுளும் ஒன்றா?

பழைய வாத்தியார்: கடைசி பீரியட் எந்தப் பாடத்துக்கும் வாரம் ஒன்றுக்கு மேல் வரக்கூடாது என்று வையுங்கள். 5 நாளுக்கு 5 பாடம். யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மொழி ஆசிரியை: எங்கள் பள்ளியில் கேட்டுப் பார்த்துவிட்டேன் ஐயா. கணக்குக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்றார்கள்.

நிலா டீச்சர்: வந்துவிட்டது! லேபை 2 செக்‌ஷனுக்கு எடுத்ததும் சில நிமிடத்தில் 240-ம் உட்கார்ந்தது. ஒரு செக்‌ஷனில் செவ்வாய் 2-ஆவது பீரியடும் கணக்கு, 7-ஆவதும் கணக்கு. அதை அப்புறம் பார்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

வினோ: நான் சொன்னது அதைத்தான். 6 தனிப் பீரியடாகக் கொடுக்காமல் 4 தனி, 1 இரட்டை என்று கொடுங்கள். 5 நாளுக்கு 5 துண்டு, இடைவெளி சரியாக வரும்.

சுண்ணக்கட்டி: இதில் வினோ சொல்வது சரி. ஆனால் இரட்டை கணக்கைச் சின்ன வகுப்புகள் தாங்குமா என்று அந்த ஆசிரியரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் டீச்சர். எந்த வகுப்புகள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.