டிராக்பேட் மேலெழும்பி நிற்கிறது. இந்த மடிக்கணினியைக் கூரியரில் அனுப்பலாமா?

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

வணக்கம். என் மகள் பயன்படுத்தும் மடிக்கணினி பெரிய திரையுடன் இணைக்கப்பட்டு மேசையிலேயே இருப்பதால், சார்ஜரைப் பெரும்பாலும் கழற்றுவதில்லை. முதலில் டிராக்பேட்டின் இடப்புறம் சொடுக்க மறுத்தது. இப்போது அதன் முன்விளிம்பு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. சமதளத்தில் வைத்தாலும் கணினி ஆடுகிறது. சூடோ வேறு வாசனையோ இல்லை. கீழ்க்கண்ட கட்டளையால் அறிக்கை எடுத்துப் பார்த்ததில், பேட்டரியின் கொள்ளளவு புதிதாக இருந்தபோது இருந்ததில் 78 விழுக்காடு உள்ளது.

```
powercfg /batteryreport
```

இவ்வளவு கொள்ளளவு உள்ள பேட்டரி வீங்குமா? விற்ற கடை கோலாலம்பூரில் இருக்கிறது. கூரியரில் அனுப்பச் சொல்கிறார்கள்.

பிறைவாசி

ஐயா, எனக்கும் டிராக்பேட் இப்படித்தான் வேலை செய்யாமல் போனது. டிரைவரை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியவுடன் சரியாகிவிட்டது. முதலில் அதைச் செய்து பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் பழுதுபார்ப்பவர்

டிரைவர் கெட்டால் சுட்டி நகராது; விளிம்பு உயராது. இது பேட்டரி வீக்கம்தான். பல மெல்லிய கணினிகளில் டிராக்பேட்டுக்கு நேர் கீழே பேட்டரி இருப்பதாலும், இரண்டுக்கும் இடையே இடமே இல்லாததாலும், வீக்கம் முதலில் அங்கேதான் தெரியும்.

78 விழுக்காட்டை நம்பாதீர்கள். அந்த எண் எவ்வளவு மின்சாரம் தேங்கும் என்பதை மட்டுமே காட்டும். உள்ளே எவ்வளவு வாயு சேர்ந்திருக்கிறது என்று காட்டாது. செல்லுக்குள் இருக்கும் கரிமக் கரைப்பான் சிறிதளவே சிதைந்தாலும், கார்பன் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் பிறந்து, வெளியேற வழியில்லாத அலுமினிய உறையை உப்பவைத்துவிடும்.

செந்தூல் தம்பி

இரவெல்லாம் சார்ஜ் போட்டால் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதற்குக் காரணம். உப்புத் தண்ணீரில் ஓரிரவு போட்டு வைத்தால் பேட்டரி செத்துவிடும், பிறகு பயமில்லை.

பாயான் லெப்பாஸ் பழுதுபார்ப்பவர்

தம்பி, சார்ஜரைக் குறை சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் முழுதும் ஏறியதும் கணினியே சார்ஜை நிறுத்திவிடுகிறது. கெடுதல் செய்வது, உச்ச மின்னழுத்தத்திலேயே மாதக்கணக்கில் நிற்பதும், அதோடு சேரும் சூடும். நம் ஊர் வெக்கையில், காற்றாடி இல்லாத அறையில், மூடியை மூடிவிட்டு வெளித்திரையில் வேலை செய்தால் அந்தச் சிதைவு இன்னும் வேகமாகும். உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். முனைகள் அரித்துப்போகும், வாயு வரும், ஆனால் செல் முழுதும் வடிந்துவிட்டதா என்று உங்களுக்குத் தெரியாது.

ஆசிரியர் ஐயா, இனி சார்ஜரைச் செருகாதீர்கள். எழும்பிய டிராக்பேட்டை அழுத்திச் சமன்படுத்தவும் முயலாதீர்கள், ஏனெனில் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பான் கிழிந்தால் இரு முனைகளும் நேரடியாகத் தொட்டுவிடும். சூடும் வாசனையும் இல்லாதவரை, சிமெண்டுத் தரையில் வைத்து, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டு, சார்ஜ் 25 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை ஓடவிட்டு, பிறகு அணைத்துவிடச் சொல்வேன். சார்ஜ் குறைந்த செல் தீப்பிடித்தாலும் அதன் வேகம் குறைவு. நெயில் பாலிஷ் போன்ற வாசனையோ சூடோ சீறலோ வந்தால் கையில் எடுக்காமல் எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள். அந்தப் புகை நச்சு.

கூரியர் கூடவே கூடாது. வீங்கிய பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை உண்டு. லாரியில் போனாலும் அடுக்கும்போது அழுத்தம் படும். பினாங்கிலேயே கழற்றிவிட்டு, பேட்டரி இல்லாத கணினியை வேண்டுமானால் அனுப்புங்கள்.

பட்டர்வொர்த் அக்கா

ஓடவிடச் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலை செய்யும்போது செல் இன்னும் சூடாகும் அல்லவா? என் கணவரின் கணினி இப்படி ஆனபோது, அந்த நிமிடமே அணைத்து வாசலில் வைத்தோம்.

பாயான் லெப்பாஸ் பழுதுபார்ப்பவர்

அக்கா சொல்வதும் பிழையில்லை. எங்கள் கடையிலேயே இதில் இரண்டு கட்சி உண்டு. கூடு பிளந்திருந்தால் நானும் அணைக்கத்தான் சொல்வேன்.

கழற்றுவதானால் கணினி அணைந்திருக்க வேண்டும். அடிமூடியைத் திறந்தவுடன் முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிடுங்குங்கள். திருகுகளால் மட்டும் நிற்கும் பேட்டரி எளிதாக வந்துவிடும். பசையால் ஒட்டப்பட்டிருந்தால், ஸ்குரூடிரைவரால் நெம்பாமல் அங்கேயே நிறுத்திக் கடைக்குக் கொண்டுபோங்கள். வீங்கிய செல் வளைவதையும் குத்துப்படுவதையும் தாங்காது. எடுத்த பிறகு இணைப்பு முனையில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னில், மூடியை இறுக்காமல், வெயில் படாத வெளியிடத்தில் வையுங்கள். குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. மின்கழிவு ஏற்கும் இடத்தில் வீங்கியது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.

ஆயர் ஈத்தாம் ஆசிரியர்

மிக்க நன்றி. அணைத்துவிட்டேன், நாளை அருகிலுள்ள கடைக்குக் கொண்டுசெல்கிறேன். புதிய பேட்டரி வரும்வரை சார்ஜரில் மட்டும் கணினி இயங்குமா?

பாயான் லெப்பாஸ் பழுதுபார்ப்பவர்

மாடலைப் பொறுத்தது. பல கணினிகள் இயங்கும். சில வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில தொடங்கவே மாட்டா. உங்கள் மாடல் எண்ணைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்.