குடும்ப குரூப்புல நிச்சயச் செய்தி: யாருக்கு முதல்ல சொல்றது, எப்படி எழுதுறது?

திருமங்கலம் தம்பி
தங்கச்சிக்கு செல்லூர்ல மாப்பிள்ளை பேசி முடிஞ்சிருக்கு. ஆனி கடைசியில வந்து பூ வச்சுட்டுப் போனாங்க. எங்க பக்கம் வீட்டாளுங்களும் தாய்மாமாவும் மட்டும்தான் இருந்தோம். ஆவணியில தட்டு மாத்துறதுன்னு பேச்சு, தேதி குறிக்கல. அப்பா வழி குரூப்புல 64 பேர், அம்மா வழி குரூப்புல 38 பேர். அத்தைக்குக் கல்யாண வயசுல ஒரு மகன் இருக்கான், அங்கதான் யோசனையா இருக்கு. செஞ்சு பழகுனவங்க வரிசையையும் வாசகத்தையும் சொல்லுங்க.

பனங்காடு
பத்திரிகை அடிச்சதும் நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி முதல் பத்திரிகையக் குலதெய்வத்துக்கு வச்சிருங்க. அடுத்தது தாய்மாமன் வீடு. வெத்தலை பாக்கோட ஜோடியாப் போய்க் கூப்பிடணும்.

மேலூர்க்காரர்
பனங்காடு சொல்றது கல்யாண அழைப்புக்குச் சரி. தம்பி கேக்குறது அதுக்கு முந்தி, சம்பந்தம் முடிஞ்ச சேதிய வெளிய சொல்றதப் பத்தி.

தம்பி, உங்க விஷயத்துல தாய்மாமாவுக்கு ஏற்கெனவே தெரியும். அதனால அத்தைதான் முதல். நம்ம பக்கம் பல வீடுகள்ல முறை மாப்பிள்ளை இருக்கும்போது அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் பொண்ண வெளிய குடுப்பாங்க. அவங்க கட்டிக்கிற எண்ணத்துல இல்லாட்டிக் கூட, கேக்கலையேங்கிறது மனசுல தங்கிரும். நீங்க பூ வச்ச பிறகு சொல்லப் போறீங்க, அதுவே ஒரு தாமதம். அத மூடி மறைச்சு இப்பத்தான் பேசுறோம்ங்கிற மாதிரி சொன்னா, அடுத்த வாரமே பூ வச்ச நாள் வெளிய வந்துரும், அப்புறம் சரிக்கட்ட முடியாது.

போக வேண்டியது உங்க அப்பா. அவங்களுக்குத் தங்கச்சியோ அக்காவோ, கூடப் பிறந்தவர் வாயில இருந்துதான் வரணும். மருமகன் போன் பண்ணிச் சொல்ற சேதி இல்ல இது. பூவும் பழமும் வாங்கிட்டுப் போனாப் போதும். இனிப்பு டப்பாவும் வெத்தலை பாக்கும் வேண்டாம், அது அழைப்பா ஆயிரும். உக்காந்ததும் அப்பா இப்படி ஆரம்பிக்கட்டும்: "ஒன்கிட்ட சொல்லாம பூ வரைக்கும் போயிருச்சு, அது ஏந்தப்பு. ஆவணியில தட்டு மாத்தணும், நீ முன்ன நின்னாத்தான் எனக்கு நடந்த மாதிரி." அதுக்கப்புறம் மாப்பிள்ளை விவரம். விவரத்த முதல்ல சொல்லி மன்னிப்பக் கடைசியில கேட்டா, அவங்க மகனோட ஒப்பிட்டுச் சொன்ன மாதிரிக் கேக்கும்.

அன்னைக்குச் சாயங்காலமே மத்த போன் எல்லாம் முடிஞ்சிரணும். பெரியப்பா, சித்தப்பாவுக்கு அப்பா. சித்தி, பெரியம்மாவுக்கு அம்மா. ஆறரைக்கு ஆரம்பிச்சா ஒரு பத்து வீடு ஒன்பதுக்குள்ள ஆயிரும். சேதிய உடனே நாலு பேருக்குச் சொல்றவங்க எந்தக் குடும்பத்துலயும் ஒருத்தர் ரெண்டு பேர் இருப்பாங்க. அவங்கள வரிசையில கடைசியா வைங்க, இல்லன்னா நீங்க கூப்பிடுறதுக்குள்ள அடுத்த வீடு "இப்பத்தான் கேள்விப்பட்டோம்"னு சொல்லும். மறுநாள் காலையில குரூப்புல போடுங்க.

வைகைக்கரை
இவ்வளவு எதுக்கு? பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டா எல்லாருக்கும் ஒரே நேரத்துல தனித்தனியாப் போயிரும். யார் முதல், யார் பின்னங்கிற பேச்சே இல்ல. தப்பா எழுதிட்டா அழிச்சுக்கலாம்.

செல்லூர் அக்கா
ஒரே நேரத்துல போகும்ங்கிறது சரி. ஆனா நம்ம நம்பரத் தன் போன்ல பதிஞ்சு வச்சவங்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். பெரியவங்க நிறைய பேர் புதுப் போன் மாத்துனதும் நம்பரப் பதியாம இருப்பாங்க, விட்டுப் போறது அவங்களுக்குத்தான். அழிச்சாலும் அழிச்ச தடம் குரூப்புல நிக்கும், "என்னத்த அழிச்சாங்க"ன்னு ஒரு கேள்வி கிளம்பும். சின்னப் பிழைன்னா அனுப்புன 15 நிமிஷத்துக்குள்ள திருத்திக்கலாம். அதனால போட்டதும் போனக் கீழ வைக்காம ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்றேன். திருமங்கலமும் செல்லூரும் பக்கம். ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சொந்தம் ஒருத்தராவது இருப்பாங்க, சில பேர் ரெண்டு குரூப்புலயும் இருப்பாங்க. சம்பந்தி வீடு முந்தின நாளே போட்டுட்டா, அது படம் பிடிச்சு உங்க குரூப்புக்கு வந்துரும், நீங்க போன் பண்ற வரிசை அத்தனையும் வீண். அதனால சம்பந்தியோட நாளும் மணியும் பேசிக்கங்க. ராகு காலம் பாக்குற வீடுன்னா அதையும் கேட்டுக்கங்க. திங்கக்கிழமை காலை ஏழரைல இருந்து ஒன்பது வரை ராகு காலம், அந்த நேரத்துல போட்டுட்டு அப்புறம் பேச்சு வாங்க வேண்டாம். மாப்பிள்ளை பையன் ஸ்டேட்டஸ் வைக்கிறதும் குரூப்புக்கு அப்புறம்தான்னு சொல்லிருங்க. பெரியவங்க எல்லாரும் கவனமா இருந்தும், சேதி கசியிறது பெரும்பாலும் அங்கதான்.

மேலூர்க்காரர்
அக்கா சொன்னது முக்கியம். இனி வாசகம். "நிச்சயம் ஆகியிருக்கு"ன்னு எழுதாதீங்க. தட்டு மாத்தல, பூதான் வச்சிருக்கு. நிச்சயம்னு போட்டா, "எங்களக் கூப்பிடாம நிச்சயமே முடிச்சுட்டாங்க"ன்னு ஆயிரும். "பேசி முடிச்சிருக்கோம்"னு எழுதணும். தேதி, மண்டபம், நேரம் எதுவும் வேண்டாம். அது மூணும் ஒண்ணா வந்தா, போன்லயே கூப்பிட்டுட்டாங்கன்னு நினைப்பாங்க. அப்பா பேர்ல, அப்பா போன்ல இருந்து போகணும். நான் எழுதினா இப்படி:

"அனைவருக்கும் வணக்கம். குலதெய்வத்தின் அருளாலும் நம் குடும்பத்துப் பெரியவர்கள் ஆசியாலும் எங்கள் மகளுக்கு மதுரை செல்லூரில் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறோம். மாப்பிள்ளை இன்னாரின் மகன் இன்னார். நிச்சயதார்த்தம் ஆவணியில் நடத்த எண்ணம். நாள் குறித்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் வந்து அழைக்கிறோம். பிள்ளைகளை வாழ்த்துங்கள்."

கீழ அப்பா பேரும் அம்மா பேரும். மாப்பிள்ளையோட சம்பளம், கம்பெனி, நகை பத்தி ஒரு எழுத்தும் வேண்டாம். அத்தை அந்தக் குரூப்புல இருக்காங்க, அவங்க மகனும் வாசிப்பான். "நல்ல வேலை, நல்ல இடம்"ங்கிற ஒரு வரியே அவங்களுக்குக் குத்தலாக் கேக்கும். ஜோடிப் படமும் தட்டு மாத்துன பிறகு.

உசிலம்பட்டி
எங்க வீட்டுல அப்பாவும் சித்தப்பாவும் மூணு வருஷமாப் பேச்சில்ல, ஆனா ரெண்டு பேரும் ஒரே குரூப்புல இருக்காங்க. தனியாச் சொல்லாம குரூப்புல மட்டும் போட்டா தப்பா?

செல்லூர் அக்கா
தப்புதான். அப்பா பேச முடியாட்டி அம்மா சித்திக்குப் போன் பண்ணலாம், பெண்கள் பேச்சு விட்டுப் போயிருக்காது.

மேலூர்க்காரர்
எனக்கு அதுல வேற எண்ணம். சண்டை சொத்து விஷயம்னா சித்தி வழியாப் போற சேதிய அவர் ஏத்துக்க மாட்டார். பங்காளியில மூத்தவர் ஒருத்தர் போய்ச் சொல்றதுதான் நிக்கும். என்ன சண்டைன்னு தெரியாம நான் அடிச்சுச் சொல்ல முடியாது.

திருமங்கலம் தம்பி
அத்தை வீட்டுக்கு அப்பா வியாழக்கிழமை போறாங்க. வாசகத்த அப்படியே எடுத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும்: இப்ப ஆடி. சேதியக் குரூப்புல போடலாமா, ஆவணி பிறக்கட்டுமா?

பனங்காடு
ஆடியில நல்ல சேதி எடுக்கவே கூடாது. பொறுங்க.

மேலூர்க்காரர்
தாம்பூலம் மாத்துறதுதான் ஆடியில கிடையாது. பேச்சுக்குத் தடை இல்ல. ஆவணி வரைக்கும் வச்சிருந்தா சேதி தானா வெளிய போயிரும்.

செல்லூர் அக்கா
ரெண்டுக்கும் நடுவுல, ஆடிப்பெருக்கு அன்னைக்குப் போடுற வீடுகளும் உண்டு. ஆனா உங்க சம்பந்தி வீட்டுல ஆடி பாக்குறாங்களான்னு முதல்ல கேளுங்க. அவங்க வேண்டாம்னு சொன்னா அத்தை வீட்டுப் பயணத்தையும் ஆடி கடைசிக்குத் தள்ளணும். அத்தைக்குச் சொன்ன சேதி மறுநாளுக்கு மேல குரூப்புக்கு வராம நிக்காது.