மூணு கோடி, ஒன்பது பேர்: பண்ருட்டி முந்திரி ஆலையில் என் அனுபவம்

சில்வர் பீச்:

கடலூர் மாவட்டத்தில் சிறு தொழில் கணக்கெடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி உடைக்கும் ஆலை. முதல் முறை போனபோது முதலாளி இல்லை. கணக்கு எழுதும் தம்பி ஒருவர் இருந்தார், இருபத்திரண்டு வயது இருக்கும். 'ஒரு வருஷத்து விற்பனை?' என்று கேட்டேன். யோசிக்காமல் 'மூணு கோடி இருக்கும்' என்றார். 'ஆட்கள்?' 'ஒன்பது பேர்.' ரெண்டு நிமிடத்தில் படிவம் முடிந்தது. எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

வெளியே வரும்போது வாசலில் செருப்புகளைப் பார்த்தேன். எண்ணவில்லை, ஆனால் ஒன்பது ஜோடியைவிடப் பல மடங்கு. உள்ளே மூட்டைகளின் மேல் இரண்டு விதமான அடையாளம், ஒன்று சிவப்பு மையில், ஒன்று நீலத்தில். அன்றைக்கு அதற்கு அர்த்தம் புரியவில்லை.

இரண்டாம் முறை முதலாளியைப் பிடித்தேன். விற்பனையைக் கேட்காமல், 'மாசத்துக்கு எத்தனை மூட்டை உடைப்பீங்க?' என்று ஆரம்பித்தேன். முந்நூறு என்றார். மூட்டை 80 கிலோ. அப்படியென்றால் 24 டன் கொட்டை. அவர் சொன்ன கொட்டை விலை கிலோ 110 ரூபாய். பெருக்கினால் மாதம் 26 லட்சத்துக்கு மேல், வருடத்துக்கு மூணு கோடி. தம்பி சொன்னது கிட்டத்தட்ட அதேதான்! ஆக, அவர் பொய் சொல்லவில்லை. ஆலைக்குள் வந்து போகும் சரக்கின் மதிப்பைச் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் சிவப்பு மை, நீல மை ஞாபகம் வந்தது. 'இந்தக் கொட்டை யார் பணத்துல வாங்கினது?' என்று கேட்டேன். சிரித்துவிட்டார். 260 மூட்டை வியாபாரி ஒருவருடையது. இவர் கூலிக்கு உடைத்துப் பருப்பாகத் திருப்பிக் கொடுக்கிறார், மூட்டைக்கு 1,500 ரூபாய். மீதி 40 மூட்டைதான் சொந்தச் சரக்கு. கூலி வரவு மாதம் 3 லட்சத்து 90 ஆயிரம். சொந்தப் பருப்பு மூட்டைக்கு 20 கிலோ வீதம் 800 கிலோ. அதை என்ன விலைக்கு விற்கிறார் என்று கேட்டதும், 'அது மட்டும் வேணாம்மா' என்றார். கடை விலையில் போட்டுப் பார்த்தால்கூட மூணு கோடியில் பாதியைத் தொடாது.

ஆட்கள் கதை இன்னொன்று. மறுபடியும் ஒன்பதுதான் சொன்னார். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. பத்துப் பேரில் தொடங்குகிறது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாதாடவில்லை. 'நேத்து உடைக்க எத்தனை பேர்? தோல் உரிக்க? தரம் பிரிக்க? கொதிகலன் பக்கம்?' என்று வேலை வேலையாகக் கேட்டேன். எட்டு, பதினாறு, நாலு, ஒன்று. அவரே கூட்டிப் பார்த்துவிட்டு, 'தினம் வர்றவங்க ஒம்பதுதான்மா, மத்ததெல்லாம் வந்தா கூலி, வரலேன்னா இல்ல' என்றார்.

இதைச் சரிபார்க்க வழி இருந்தது. தோல் உரிக்கும் பெண்களிடம் கேட்டேன், ஒருவர் நாளைக்குப் பத்துக் கிலோ உரிக்கலாமாம். மாதம் 25 நாள் வேலை என்றால் தினம் 12 மூட்டை, 240 கிலோ பருப்பு. அதற்கு 24 பேர் வேண்டும். உள்ளே பதினாறு பேர்தான். மீதி 80 கிலோ? சாயங்காலம் பாத்திரத்தில் வீட்டுக்குப் போகிறது. எட்டுப் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து உரித்துக் காலையில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள்.

விலைக் கட்டத்தில் என்ன எழுதுவது? இந்த எட்டுப் பேரை எங்கே வைப்பது?

மஞ்சக்குப்பம் கணேஷ்:

இவ்வளவு சுத்த வேண்டாமே. ஜி.எஸ்.டி. ரிட்டர்னை வாங்கிப் பார்த்தால் முடிந்தது. விற்பனை அதில் இருக்கும்.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்:

பாதி சரி, தம்பி. ரிட்டர்ன் காட்டுகிறவர் காட்டட்டும், நல்லது. ஆனால் பதிவு ஒரு ஆளின் பேரில். அவருக்கே பக்கத்தில் ஒரு கடை இருந்தால் இரண்டும் ஒரே எண்ணில் கலந்து நிற்கும். ஆலையை மட்டும் பிரிக்க முடியாது. அதோடு, சரக்கு விற்பவருக்குப் பதிவு எல்லை தமிழ்நாட்டில் 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம். எல்லைக்குக் கீழே உள்ளவரிடம் ரிட்டர்னே இருக்காது. ஆள் கணக்கும் அதில் கிடையாது.

சில்வர் பீச், விலையை நீங்களாகப் போடாதீர்கள். 800 கிலோ என்று எழுதி, விலைக்கு 'சொல்ல மறுத்தார்' என்ற குறியைப் போடுங்கள். 'தெரியாது' வேறு, 'மறுத்தார்' வேறு, பூஜ்யம் வேறு. மூன்றையும் காலியாக விட்டால் அலுவலகத்தில் இருப்பவருக்கு எது எதுவென்று புரியாது. பதில் சொன்னது யார் என்பதையும் எழுதுங்கள். கணக்குத் தம்பி சொன்ன மூணு கோடியை அடித்துத் திருத்தாமல், குறிப்பாக வையுங்கள்.

நேரு வீதி கடைக்காரர்:

எங்க கடைக்கும் போன வருஷம் வந்தாங்க. கல்லாவில மருமகன் இருந்தான். 'மாசம் எவ்வளவு வருமானம்?'னு கேட்டிருக்காங்க. நாப்பதாயிரம்னு சொல்லி அனுப்பிட்டான். அது செலவு போக கையில நிக்கிறது. விற்பனை அஞ்சு லட்சத்துக்கு மேல. நான் இருந்தாலும் வருஷக் கணக்கு சட்டுனு வராது. நேத்து கல்லாவில விழுந்தது எவ்வளவுன்னா பைசா சுத்தமா சொல்வேன். ஆனா தீபாவளி மாசத்தை வச்சு வருஷம் பூரா பெருக்கிடாதீங்க! அது சரி, நான் சொன்ன தொகை வரி ஆபீசுக்குப் போகுமா போகாதா? அதை யாருமே சொல்லல.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்:

புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் 2008-இன் கீழ் எடுக்கும் கணக்கு என்றால், அதைப் புள்ளிவிவரம் தவிர வேறு வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. வந்தவர் எந்த ஏற்பாட்டில் வந்தார் என்று கேட்டிருக்கலாம். தனியார் ஆய்வு என்றால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அவர்கள் தரும் வாக்குறுதி மட்டும்தான். 'வருமானம்' என்ற சொல்லைத்தான் முதலில் தூக்க வேண்டும். 'விற்றுமுதல்' என்றாலும் யாருக்கும் விளங்காது. 'கல்லாவில் விழுந்தது, செலவு கழிக்காமல்' என்று கேட்டால் போதும்.

பாகூர்க்காரி:

அக்கா, எனக்கு வேறு பிரச்சினை. செருப்பைப் பார்த்து, எடை போட்டு, இருபத்தொன்பது பேர் என்று கண்டுபிடித்தீர்கள். அவர் ஒன்பது என்று சொல்லியும் நீங்கள் இருபத்தொன்பது எழுதினால், அடுத்த முறை கதவு திறக்குமா? என் ஊர் லேத்துப் பட்டறைக்காரர் அப்படித்தான் என்னை விரட்டினார்.

சில்வர் பீச்:

நியாயம்தான். இருபத்தொன்பது அவர் வாயால் வந்த எண், நான் கூட்டினதில்லை. சனிக்கிழமை கூலிப் புத்தகத்தையும் அவரேதான் காட்டினார். ஒன்பது பேர் தினம் வருபவர்கள், இருபது பேர் வேலைக்கு ஏற்ப வருபவர்கள் என்று பிரித்து எழுதுவதற்குச் சரி என்றார். அப்படிப் பிரித்ததும் அவர் முகம் தளர்ந்தது.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்:

நல்லது. முதலாளியும் அவர் மனைவியும் ஆலையில் வேலை பார்த்தால் அவர்களையும் சேருங்கள். சம்பளம் வாங்காததால் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் உரிப்பவர்களைப் பொறுத்தவரை, மத்திய அரசின் அமைப்புசாரா நிறுவனக் கணக்கெடுப்பில் கூலிக்கு வீட்டிலேயே வேலை செய்பவரைத் தனித் தொழிலாகவே எடுத்தோம், ஆலையின் ஆளாக அல்ல. உங்கள் ஆய்வின் விதி என்ன என்று பாருங்கள். அவர்கள் வேறு ஆலைக்கும் உரிக்கிறார்களா?

சில்வர் பீச்:

இன்று போய்க் கேட்டேன். மூன்று பேர் இரண்டு ஆலைக்கு உரிக்கிறார்கள். மற்ற ஐந்து பேருக்கு இவர் மட்டும்தான், முன்பணமும் இவரிடமே வாங்கியிருக்கிறார்கள். எங்கள் கையேட்டில் வீட்டு வேலையாட்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, அது இரண்டு விதமாகவும் படிக்கலாம். படிவத்தை வெள்ளிக்கிழமை கேட்கிறார்கள்.